லாபம், ரெண்டு, மூணு

புரட்டாசி மாதம் கரிசல் காட்டில் மழை பெய்வதைவிட மிரட்டுவதுதான் அதிகம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் வருவதெல்லாம் வெப்பச் சலன மழை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கறுப்பு மண் மதியத்துக்கு மேல் சூட்டை மேலே அனுப்ப, மூன்று நான்கு மணிக்குத் தெற்கேயோ மேற்கேயோ மேகம் கோபுரமாக எழும்பும். பொழுது சாய்ந்ததும் காற்று, அதன் பின்னால் மின்னல், இடி. கடைசியில் வாசல் நனைகிற அளவுக்குப் பெய்தாலே பெரிய விஷயம். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இந்த மழையின் மேல் ஆத்திரம்தான் வரும்.

எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மலை கிடையாது, பெரிய மரக்கூட்டம் கிடையாது. நான்கு பக்கமும் காடு என்று நாங்கள் சொல்வது வெறும் உழவு நிலத்தைத்தான். அங்கங்கே ஒற்றைப் பனை, ஒற்றை வேம்பு, ஓடைக்கரையில் உடைமரம், கண்ணுக்கு எட்டுகிற மட்டும் சீமைக்கருவேலம். மின்னல் எங்கே இறங்கினாலும் வீட்டு வாசலில் இருந்தே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊருக்குக் காலாண்டு விடுமுறைக்கு என் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. கதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில், மூன்றாவது மாடியில். அங்கே கரண்ட் போனால் இன்வெர்ட்டர் 'டிக்'கென்று ஒரு சத்தம் போடும், ஃபேன் ஒரு நொடி தயங்கிவிட்டு மறுபடி சுற்றும், அவ்வளவுதான். அதாவது, அந்த வயது வரைக்கும் கதிர் இருட்டைப் பார்த்ததே இல்லை. தூங்கும்போதுகூட ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு உள்ளே வரும். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வான்.

ஊரில் அன்றைக்கு ராத்திரி எட்டு மணி இருக்கும். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வடமேற்கில் ரொம்ப நேரமாகவே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. காற்று கிளம்பியதும் கரண்ட் போனது. எங்கள் பக்கம் இது பழகிய சங்கதி. காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பழுதாவதற்கு முன்னால் மின்வாரியக்காரர்களே நிறுத்திவிடுவதும் உண்டு. மழை ஓய்ந்து, ஆள் வந்து லைனைப் பார்த்த பிறகுதான் திரும்ப வரும். அது ஒரு மணி நேரமும் ஆகலாம், விடியற்காலையும் ஆகலாம்.

கதிர் பட்டாசலில் உட்கார்ந்திருந்தான். கரண்ட் போனதும் 'அம்மா' என்றான், சாதாரணமாகத்தான். அடுத்த மின்னலில் ஒரு அலறல். ஓடிப்போய்த் தூக்கினால் முதுகெல்லாம் வேர்வை. "ஒண்ணுமில்லடா, வெறும் இடிடா" என்றேன். என் அம்மா சாமி அறைக்குள்ளிருந்து "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். பக்கத்து வீட்டுச் சித்தி திண்ணையில் இருந்தபடியே "ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாம் அழலாமா" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டார். இடி விழுகிற நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவருக்குப் புத்தி சொல்கிற தைரியம் சித்திக்குத்தான் வரும்.

என் அப்பா கட்டிலை விட்டு எழுந்து வந்தார். எழுபத்தைந்து வயது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்டுக்கிடையோடு திரிந்தவர், கடைசிப் பத்து வருடம் கிடைக்குத் தலைவரான கீதாரியாக. கோடைக்கு ராமநாதபுரம் பக்கம், சில வருடம் தஞ்சாவூர் பக்கம் என்று வயல் வயலாகக் கிடை போட்டவர். மந்தையை விற்று ரொம்ப நாளாகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழைக்காலத்தில் அவர் வீட்டில் இருந்த ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்த ராத்திரிகளிலும் நான் பயந்தால் "போய்ப் படு" என்பதற்கு மேல் பேச மாட்டார். அதனால் அன்றைக்கு அவர் எழுந்து வந்ததே எனக்கு அதிசயம்.

முதலில் சித்தியை உள்ளே வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். டிவி, செட்டாப் பாக்ஸ், மிக்ஸி எல்லாவற்றின் பிளக்கையும் தடவித் தடவிப் பிடுங்கினார். டிவிக்குப் போகிற கேபிள் வயரையும் கழற்றித் தள்ளிப் போட்டார். மின்னல் பக்கத்தில் எங்காவது இறங்கினால் கம்பி வழியாகவும் தண்ணீர்க் குழாய் வழியாகவும் வீட்டுக்குள் வரும். அவருக்கு அது அனுபவத்தில் தெரியும். ஒருமுறை எங்கள் தெருவில் அப்படித்தான் டிவி கருகியது. என்னைக் குழாயை மூடச் சொன்னார். பாதித் தட்டு கழுவாமல் கிடந்தது, கிடக்கட்டும் என்றார். பிறகுதான் பேரனிடம் வந்து, ஜன்னல் கம்பியில் இருந்து தள்ளி, வீட்டின் நடுவில் தரையில் உட்கார்ந்தார்.

"எய்யா, எதுக்குப் பயமா இருக்கு? இருட்டுக்கா, சத்தத்துக்கா, வெட்டுக்கா?"

அவன் தேம்பிக்கொண்டே யோசித்தான். குழந்தைகளிடம் பயப்படாதே என்று சொன்னால் பதில் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது. எதற்கு என்று கேட்டால் இருக்கும்.

"அந்த ஆளு" என்றான்.

"எந்த ஆளு?"

சுவரைக் காட்டினான். அடுத்த மின்னலில் எனக்கும் தெரிந்தது. சுவர் ஆணியில் அப்பாவின் பழைய கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது. கிடைக்காரர்கள் மழைக்குக் கொங்காணி போட்டுக்கொள்வதற்காக ஒரு மூலையை மடித்துத் தைத்து வைத்திருப்பார்கள். அது தலையாகவும், கீழே விரிந்து தொங்கியது உடம்பாகவும், மின்னல் வெட்டுகிற கால் நொடியில் ஒரு ஆள் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தது. மின்னல் அணைந்ததும் ஆள் இல்லை. அடுத்த மின்னலில் மறுபடி இருக்கிறான். மின்னல் இடப்பக்கம் வெட்டினால் நிழல் வலப்பக்கம் நகர்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் செல்போன் டார்ச்சைப் போட்டேன். அப்பா அணைக்கச் சொன்னார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. டார்ச் ஒரே திசையில் பாய்ச்சுகிற வெளிச்சம். கை அசைந்தால் வீட்டில் உள்ள நிழல் எல்லாம் சேர்ந்து ஓடும். அதை அணைத்ததும் கண் கும்மிருட்டுக்குப் பழக ஆரம்பிக்கும். கண்பாப்பா முழுக்க விரிந்திருக்கும்போது மின்னல் வெட்டினால் இரண்டு மடங்கு கூசும், அதற்குப் பிறகு வருகிற இருட்டும் இன்னும் கறுப்பாகத் தெரியும். சின்னதாக, அசையாமல் எரிகிற ஒரு விளக்கு இருந்தால் கண் அந்த அளவுக்கு விரியாது. வெட்டும் அவ்வளவு உறைக்காது.

பரணில் அரிக்கேன் விளக்கு இருந்தது. சீமெண்ணெய்தான் இல்லை. இப்போது யாரிடம் இருக்கிறது? கார்த்திகைக்கு வாங்கி வைத்த அகல் ஒன்றை எடுத்து, சாமி விளக்கின் நல்லெண்ணெயை ஊற்றி, பஞ்சுத் திரி போட்டார்கள். திரியை உள்ளங்கையில் வைத்து உருட்டுகிற வேலையை அப்பா கதிரிடம் கொடுத்தார். அவன் உருட்டியது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வந்தது. அதையே போட்டார். விளக்கைத் தரையில் வைக்காமல், மேலே, மாடக்குழியில் வைத்தார். கீழே வைத்தால் நிழல் சுவர் முழுக்கப் பெரிதாக விழும் என்பது அவர் கணக்கு.

அதன் பிறகு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கம்பளியைத் தொடச் சொன்னார். ஒரு விரலால் தொட்டான். சொரசொரவென்று இருந்திருக்கும். "கடிக்குது தாத்தா" என்றான். அவர் அதை ஆணியில் இருந்து எடுத்து, உதறி, அவன் மேலேயே போர்த்திவிட்டார். எத்தனையோ வருடமாகியும் அதில் இன்னும் ஆட்டு வாடை இருந்தது. கதிர் மூக்கைச் சுளித்தான். எடுக்கச் சொல்லவில்லை.

ஆளின் கதை முடிந்தது. இடி முடியவில்லை.

"இப்ப நான் ஒண்ணு சொல்லித் தாரேன். வெட்டுச்சுன்னா உடனே எண்ண ஆரம்பிக்கணும். இடி வந்ததும் நிறுத்திறணும். எம்புட்டு வந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லணும். சரியா?"

வெளியே வெட்டியது.

"லாபம்..." என்றார் அப்பா. "ரெண்டு... மூணு..."

"ஒண்ணுதானே தாத்தா?"

"கிடைக்காரனும் சம்சாரியும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டான். லாபம்னுதான் ஆரம்பிக்கணும். அஞ்சு, ஆறு..."

களத்தில் நெல்லையோ கம்பையோ மரக்காலில் அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்று சொல்லித்தான் போடுவார்கள். அப்பா கிடைக்கூலியைத் தானியமாக வாங்கிய காலத்துப் பழக்கம். மரக்காலைச் சாய்த்துக் கொட்டி, நிமிர்த்தி, அடுத்ததற்குப் போகிற நிதானத்தில் எண்ணினார். நான் அன்றைக்குச் செல்போனில் நொடியை வைத்துப் பார்த்தேன். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி, கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. பதட்டத்தில் எண்ணுகிறவர்கள் வேகமாக எண்ணிவிடுவார்கள். அப்போது இடி உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். அதனால் இந்த நிதானம் சும்மா இல்லை.

இருபத்தி நாலில் இடி வந்தது. கடகடவென்று உருண்டு, தேய்ந்து போனது.

"இருபத்தி நாலு! அப்பன்னா அது எட்டுக் கிலோமீட்டர் தள்ளி. நாகலாபுரத்துக்கு இங்கிட்டு."

மின்னலும் இடியும் ஒரே நேரத்தில்தான் பிறக்கின்றன. மின்னல் பாய்கிற பாதையில் காற்று ஒரு கணத்தில் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. அந்தக் காற்று திடீரென்று விரிந்து வெடிக்கிற சத்தம்தான் இடி. வெளிச்சம் நம்மிடம் உடனே வந்துவிடுகிறது. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஆக, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணியதை மூன்றால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். அப்பாவுக்கு 340 தெரியாது. மூன்றால் வகுப்பது மட்டும் தெரியும். அதை எங்கே படித்தார் என்று கேட்டால், "கீதாரி சொல்வார்" என்பார். அவருக்கு முன்னால் இருந்த கீதாரி.

அடுத்தது பதினெட்டு. அதற்கடுத்து இரண்டு மின்னல் அடுத்தடுத்து வெட்டியதில் எந்த இடி எதற்கு என்று குழம்பிப் போனது. "இத விட்ரு, கணக்குல சேக்க வேண்டாம்" என்றார். பிறகு பதினொன்று. கதிர் இப்போது அழவில்லை. கம்பளிக்குள் இருந்து கழுத்தை மட்டும் நீட்டி, ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தான். அன்று நடந்ததிலேயே நான் உற்றுக் கவனித்தது இந்த இடத்தைத்தான். கொஞ்ச நேரம் முன்பு வரைக்கும் மின்னல் என்பது அவனுக்கு அதிர்ச்சி, இடி என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒடுங்குவது மட்டும்தான். இப்போது அந்த இடைவெளியில் அவனுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. இடி எதிர்பாராமல் வந்து விழுவதில்லை, அவன் எண்ணி முடிக்கிற இடத்தில் வந்து நிற்கிறது. சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. அவன் தோள் மட்டும் இறங்கியிருந்தது.

"கிட்ட வருதா தாத்தா?"

"ஆமா, வருது." ஒளிக்கவில்லை. "இன்னும் கிட்ட வரும். நம்ம தலைக்கு மேல கூட வரும். அப்புறம் அங்கிட்டுப் போயிரும். போறதையும் நாமதான் எண்ணிச் சொல்லணும்."

இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. வராது என்று சொல்லியிருந்தால், வந்ததும் தாத்தாவை அவன் நம்பியிருக்கவே மாட்டான்.

அம்மா இன்னும் "அர்ச்சுனா" சொல்லிக்கொண்டிருந்தார். கதிர் அதையும் கேட்டுவிட்டான். "அம்மாச்சி ஏன் அர்ச்சுனாவக் கூப்பிடுறாங்க? அவரு வருவாரா?"

இடி இடித்தால் அர்ச்சுனன் பேரைச் சொல்வது நம் பக்கம் பழைய வழக்கம். வாட்ஸப்பில் இதற்கு ஒரு விளக்கம் சுற்றுகிறது: 'அர்' என்று சொன்னால் வாய் திறக்கும், காதடைப்பு நீங்கும் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாயைத் திறக்கத்தான் என்றால் ஆட்டுக்குட்டி பேரைச் சொன்னாலும் திறக்கும். அப்பா சொன்ன காரணம் வேறு. இடி இந்திரனுடைய ஆயுதம், அர்ச்சுனன் இந்திரனுடைய மகன். மகன் பேரைச் சொன்னால் அப்பன் அடிப்பானா?

கதிருக்கு அது உடனே பிடித்துவிட்டது. அப்பா அதோடு விடவில்லை. எங்கள் ஊரில் மழை பொய்த்த வருடங்களில் கோயில் முன்னால் விராட பருவம் வாசிப்பார்கள். அதை வாசித்து முடித்தால் மழை இறங்கும் என்று நம்பிக்கை. சின்னப் பையனாக அப்பா அதை முழுக்கக் கேட்டிருக்கிறார். அதனால் மற்ற பாரதம் அவருக்கு அரைகுறை, விராட பருவம் மட்டும் மனப்பாடம்.

"உத்தரன்னு ஒரு ராசா மகன். வீட்ல பொம்பளைக முன்னால, நான் ஒருத்தனே போயி அம்புட்டுப் பேரையும் அடிச்சிருவேன்னு சொல்லிட்டுக் கிளம்புறான். மாட்ட எல்லாம் கௌரவருக ஓட்டிட்டுப் போயிட்டாங்க, மீக்கணும். தேர் ஓட்டுறது யாரு? பிருகன்னளை. வேசம் போட்ட அர்ச்சுனன். இவனுக்குத் தெரியாது. கிட்டப் போயிப் படையப் பாக்கான். கடல் கணக்கா நிக்கி. மேலெல்லாம் நடுங்கி, தேர்ல இருந்து குதிச்சு ஓடுறான்."

"ராசா மகனா ஓடுனான்?"

"ஓடுனான். அர்ச்சுனன் சடை பறக்கப் பின்னாலயே ஓடிப் பிடிச்சாரு. ஏன்டா பயந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. வன்னி மரத்துக்குக் கூட்டிப் போயி, மேல கட்டி வச்சிருக்க வில்ல எடுறான்னாரு. நான்தான் அர்ச்சுனன்னாரு. பய நம்பல. அப்படின்னா அர்ச்சுனனுக்குப் பத்துப் பேரு உண்டாமே, சொல்லு பாப்போம்னான்."

அந்தப் பத்துப் பேரும் அப்பாவுக்குத் தெரியும். அர்ச்சுனன், பல்குனன், ஜிஷ்ணு, கிரீடி, சுவேதவாகனன், பீபத்சு, விஜயன், கிருஷ்ணன், சவ்யசாசி, தனஞ்சயன். பீபத்சுவைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு காரணம். வெள்ளைக் குதிரை பூட்டியதால் சுவேதவாகனன், இரண்டு கையாலும் வில்லை இழுப்பதால் சவ்யசாசி. கதிர் வலது கையாலும் இடது கையாலும் இல்லாத வில்லை இழுத்துப் பார்த்தான்.

இடி இடிக்கும்போது நாம் சொல்கிற பேர்கள், பாரதத்தில் பயந்து ஓடிய ஒரு பையனுக்குச் சொல்லப்பட்டவை. சின்ன வயதில் எத்தனையோ தடவை அர்ச்சுனா அர்ச்சுனா என்று கத்தியிருக்கிறேன். இது எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அப்புறம் உத்தரன் சண்டை போட்டானா?"

"இல்ல. அர்ச்சுனன் சண்டை போட்டாரு. உத்தரன் தேர் ஓட்டுனான். குதிரைக் கயித்த அவன் கையில குடுத்துட்டாரு."

வெட்டியது. "லாபம்" என்று கதிர் தானே தொடங்கினான். "ரெண்டு, மூணு, நாலு..." ஆறில் விழுந்தது. இரண்டு கிலோமீட்டர். கண்மாய்க்கு அந்தப் பக்கம். ஓடுகள் அதிர்ந்தன.

அடுத்ததற்கு எண்ணவே முடியவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. அது இடி என்று நாம் நினைத்திருக்கிற உருட்டல் இல்லை. சடாரென்று ஒரே வெடிப்பு, உடனே முடிந்துபோனது. அகல் சுடர் படுத்து எழுந்தது. அம்மா பத்துப் பேரில் எதுவும் நினைவில் வராமல் "ஐயோ" என்றார். சித்தி சுவரோரம் ஒண்டினார். எனக்குக் கை நடுங்கியது. கதிர் அப்பாவின் வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்துவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கம்பளிக்கு மேலாக முதுகில் கையை வைத்தபடி இருந்தார், தட்டவும் இல்லை, தடவவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "தாத்தா, இது எத்தனை?"

"லாபத்துக்கே நேரமில்லயேய்யா."

அவன் சிரித்துவிட்டான். அழுகையும் சிரிப்புமாக மூக்கு ஒழுகியது. கம்பளியிலேயே துடைத்துக்கொண்டான்.

"இது மட்டும் ஏன் உருளாம பட்டுன்னு கேட்டுச்சு?"

இந்தக் கேள்வி எனக்கே தோன்றவில்லை. அப்பா சொன்னார்: "மந்தை வரும்போது பாத்திருந்தேன்னா தெரியும். முன்னால மணி கட்டுன கிடா வரும், அதுக்குப் பின்னால ஆடு, குட்டின்னு கடைசி ஆடு வந்து சேர ரொம்ப நேரமாகும். தூரத்துல இருந்து கேட்டா ஒரே இரைச்சலா வந்துக்கிட்டே இருக்கும். மின்னலும் நீளமானதுய்யா. ஒரு முனை கிட்ட இருக்கும், ஒரு முனை எட்ட இருக்கும். ஒவ்வொரு இடத்துச் சத்தமும் ஒவ்வொரு நேரத்துல வரும். அதான் உருளுது. நம்ம வாசல்லயே எறங்குனா கிட்டத்துச் சத்தம் மொத்தமா வந்துரும்."

பிறகு பாடப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். மின்னலின் பாதை பல கிலோமீட்டர் நீளம் இருக்கும் என்பதும், உருட்டலுக்கு முக்கியக் காரணம் அதுதான் என்பதும் அப்படியே இருந்தது. ஆடுதான் இல்லை.

அதற்கடுத்தது ஐந்து. பிறகு ஒன்பது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பதினாறு. "போகுது தாத்தா" என்று கதிர் அறிவித்தான். இருபத்தி ஏழு எண்ணும்போது குரல் குழறியது, அதற்கடுத்த மின்னலுக்கு "லாபம்" என்பதோடு தூங்கிப்போனான். சித்தி வீட்டுக்குக் கிளம்பினார். அப்பா விடவில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும் என்றார். புயல் தள்ளிப் போய்விட்டதென்று வெளியே வருகிறவன் மேல் மின்னல் விழுவது உண்டு. மேகத்தில் இருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளிக்கூட அது இறங்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் இருந்தால் உள்ளே இரு, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்து வெளியே வா என்று இப்போது பேரிடர்க்காரர்கள் சொல்வதும் இதைத்தான். எண்ணுவது பயத்துக்கு மருந்து. பாதுகாப்பு என்பது கூரைக்குக் கீழே இருப்பதுதான், எண்ணிக்கொண்டே வாசலில் நிற்பதில் இல்லை.

பிள்ளை தூங்கிய பிறகுதான் அப்பா மற்ற கதையைச் சொன்னார். அதை அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வருடம். கமுதிக்குத் தெற்கே ஒரு காட்டில் கிடை. சாயங்காலம் மழை இறங்க, ஆடுகள் தாமாகவே ஒரு பெரிய உடைமரத்தடியில் போய் ஒண்டின. ஆட்டின் குணமே அது, ஒன்று போனால் எல்லாம் போகும், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்பாவும் இன்னொருவரும் மரத்தடிக்குப் போகாமல் முப்பது அடி தள்ளிப் பள்ளத்தில் குந்தியிருந்தார்கள். மரத்தில் இடி விழுந்தது. அப்பாவுக்கு இரண்டு காலும் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. பார்வை தெளிந்தபோது மரத்தடியில் இருந்த ஆடுகள் நின்ற இடத்திலேயே சாய்ந்து கிடந்தன. உடம்பில் காயமே இல்லை. சிலது வாயில் பச்சைத் தழையோடு.

மின்னல் ஒவ்வொரு ஆட்டின் மேலும் விழவில்லை. மரத்தில் இறங்கிய மின்சாரம் ஈரத் தரையில் நாலாபக்கமும் பரவும். மரத்தில் இருந்து தள்ளிப்போகப் போக அதன் அழுத்தம் குறையும். ஆட்டின் முன்னங்கால் ஒரு இடத்தில், பின்னங்கால் ஒரு இடத்தில். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உடம்பு வழியாக, நெஞ்சு வழியாகப் பாய்கிறது. மனிதனுக்குக் கால்களைச் சேர்த்து வைத்தால் அந்த வித்தியாசம் குறைவு. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு போக வேறு இடமே இல்லை என்றால் காலைச் சேர்த்துக் குந்தி உட்கார், படுக்காதே, ஒற்றை மரத்தடிக்குப் போகாதே என்று அப்பா தன்னிடம் இருந்த பையன்களுக்கெல்லாம் சொன்னது இதனால்தான். குந்தினால் தப்பிவிடலாம் என்று உறுதி இல்லை, வேறு வழி இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

"இறந்த ஆட்டுக்குக் கணக்குச் சொல்லணும்ல. அன்னைக்கு ராத்திரி எண்ணுனேன்" என்றார். எத்தனை என்று சொல்லவில்லை.

கரண்ட் விடியற்காலையில் வந்தது.

தீபாவளி முடிந்து கோயம்புத்தூரில் ஒரு ராத்திரி மழை. கதிர் ஜன்னலில் இருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான். நாற்பது வந்தது, ஐம்பது வந்தது, இடி வரவே இல்லை. கணக்குத் தப்பிவிட்டது என்று அவனுக்கு ஒரே எரிச்சல். பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் இடி கேட்காது, நகரத்து இரைச்சலில் அதற்கு முன்பே தொலைந்துவிடும் என்று நான் விளக்கியது எடுபடவில்லை. தாத்தாவுக்குப் போன் போடச் சொன்னான்.

"தாத்தா, மின்னல் வந்துச்சு, இடியே வரல. எத்தனைன்னு எழுத?"

"அது நமக்குள்ளது இல்லய்யா. வேற ஊர்ல எவனாவது எண்ணிக்கிட்டு இருப்பான். விட்ரு" என்றார் அப்பா. பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, அங்கே மழை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, போட்ட உளுந்து பாதி முளைக்கவில்லை, மறுபடி விதைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்.